‘ஹூ’, ‘விச்’ எல்லாம் பெயரெச்சம் ஆகுமா? குத்தகை ஒப்பந்தத்தில் சிக்கிய ஒரு வாக்கியம்

நிலா_வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீட்டுக் குத்தகை ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். 7ஆம் பிரிவில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் அது ஒரே வாக்கியம். குத்தகை எடுப்பவர் காலம் முடியும்போது தளபாடங்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. ‘தளபாடங்கள்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமா, பிறகு ‘விச்’ போட்டு, அவை 2ஆம் அட்டவணையில் தரப்பட்டுள்ளன என்று வருகிறது. கடைசியில் ‘உரிமையாளரிடம்’, மறுபடி கமா, பிறகு ‘ஹூ’ போட்டு, 14 நாட்களுக்குள் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ‘ஷால்’ உடன் முடிகிறது.

என் தமிழ்:

“குத்தகைக் காலம் முடிவடையும்போது குத்தகை எடுப்பவர் 2ஆம் அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள தளபாடங்களை 14 நாட்களுக்குள் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.”

இலக்கணப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ‘ஹூ’, ‘விச்’ வந்தால் தமிழில் பெயரெச்சம் என்றுதானே படித்தோம்? எங்கே இடிக்கிறது?

---

கொட்டாஞ்சேனை_குமார்

பிள்ளை, வசனம் நீளம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கமா இருந்த இடத்தில் தமிழிலும் கமா போட்டால் சரியாகிவிடும். “2ஆம் அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள, தளபாடங்களை” என்று எழுதிப் பாருங்கோ. ‘கொடுக்கும், உரிமையாளரிடம்’ என்றும் ஒரு கமா. வாசிக்கிற ஆளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

---

புதுக்கடை_எழுதுகோல்

குமார் தம்பி, அந்தக் கமாவுக்குத் தமிழில் மூச்சு விடும் வேலை மட்டும்தான் உண்டு. ஆங்கிலத்தில் அதே கமா பொருளையே மாற்றுகிறது. இரண்டும் ஒன்றல்ல. பெயரெச்சத்துக்கும் அது கொண்டு முடியும் பெயருக்கும் நடுவில் கமா போட்டால் அச்சுப் பிழை என்றுதான் வாசகர் நினைப்பார். ‘இது கூடுதல் தகவல்’ என்று ஒருவரும் எடுக்கமாட்டார்.

நிலா, உங்கள் வாக்கியத்தில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. இலக்கணத்தில் இடிக்கவில்லை, கடப்பாட்டில் இடிக்கிறது. பெரியதை முதலில் எடுக்கிறேன்.

“14 நாட்களுக்குள் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையாளர்.” ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் இதை வாசிக்கக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: உரிமையாளர் மீது என்ன கடமை சுமத்தப்பட்டிருக்கிறது? ‘ஒன்றுமில்லை’ என்பார். உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்ற வர்ணனைதான் அங்கே இருக்கிறது, பால் கொண்டுவரும் பையன் என்பது போல. ‘ஒப்படைத்தல் வேண்டும்’ என்ற ஒரே முற்றுவினை குத்தகை எடுப்பவர் தலையில் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கடமை. உங்கள் தமிழில் ஒருவருக்கு மட்டும்.

இன்னும் மோசமாகவும் வாசிக்கலாம். ‘14 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், கொடுக்காத உரிமையாளரிடம் ஒப்படைக்கத் தேவையில்லை’ என்று குத்தகை எடுப்பவரின் சட்டத்தரணி வாதாடலாம். வெல்வாரோ தோற்பாரோ, அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தது மொழிபெயர்ப்பு.

இது ஏன் நடக்கிறது? ஆங்கிலத்தில் ‘ஹூ’வுக்குப் பின்னால் வருவது முழு வினை. அதற்குக் காலமும் உண்டு, ‘ஷால்’ போன்ற துணைவினையும் உண்டு. பெயருக்குப் பின்னால் வருவதால் கதையை அங்கிருந்து முன்னோக்கி நகர்த்தவும் முடியும். ‘அவரிடம் கொடுக்க வேண்டும், அவர் பிறகு இதைச் செய்ய வேண்டும்’ என்ற ஓட்டம் அப்படி வருகிறது. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பது, முன்னோக்கி நகர்த்தாது. ‘கொடுக்கும்’ என்பதற்குள் ‘ஷால்’ கரைந்து போய்விடுகிறது. ‘கொடுக்கும்’ வழக்கத்தையும் சொல்லும், எதிர்காலத்தையும் சொல்லும், கட்டாயத்தைச் சொல்லாது.

---

நிலா_வெள்ளவத்தை

அப்படியென்றால் ‘கொடுக்க வேண்டிய உரிமையாளரிடம்’ என்று போட்டால்? கட்டாயம் வந்துவிடுகிறதே.

---

புதுக்கடை_எழுதுகோல்

கட்டாயத்தின் சாயல் வரும். ஆனாலும் அது ஏற்கெனவே வேறெங்கோ சுமத்தப்பட்ட கடமையை நினைவூட்டுவது போலத்தான் இருக்கும். ‘கட்ட வேண்டிய பில்’ என்று சொல்லும்போது அந்தப் பில் எப்போதோ வந்துவிட்டது. வாசிக்கிறவர் 5ஆம் பிரிவிலோ 6ஆம் பிரிவிலோ அந்தக் கடமையைத் தேடுவார், கிடைக்காது. புதிதாக ஒரு கடமையை உண்டாக்க வேண்டுமென்றால் வாக்கியத்தின் கடைசியில் முற்றுவினை வேண்டும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, தளபாடம். ஆங்கிலத்தில் கமாவுக்குப் பின் ‘விச்’ வருகிறது. அதாவது, வீட்டிலுள்ள தளபாடங்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், விபரம் வேண்டுமென்றால் அட்டவணையைப் பார்க்கலாம். உங்கள் தமிழ் ‘அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள தளபாடங்கள்’ என்கிறது. பன்மைப் பொதுப்பெயருக்கு முன் பெயரெச்சம் வந்தால் தமிழ்க் காது அதைப் பிரித்தெடுப்பதாகவே கேட்கும்: குறிப்பிட்டவை ஒரு பக்கம், குறிப்பிடாதவை மறுபக்கம். அட்டவணை தட்டச்சு செய்தவர் சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டார் என்று வையுங்கள். ஆங்கிலப்படி மேசையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் தமிழ்ப்படி கொடுக்காமலும் விடலாம்.

---

பம்பலப்பிட்டி_சட்டம்

எழுதுகோல் ஐயா சொல்வதில் முதலாவது சரி. இரண்டாவதில் எனக்குச் சந்தேகம். எல்லாப் பெயரெச்சமும் பிரித்தெடுக்காதே. ‘1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை’ என்றால், சுதந்திரம் பெறாத இன்னொரு இலங்கை இருக்கிறது என்று யாராவது எடுப்பார்களா?

---

புதுக்கடை_எழுதுகோல்

எடுக்கமாட்டார்கள். காரணம் இலங்கை ஒன்றுதான். ஒன்றே ஒன்று என்று வாசகருக்குத் தெரிந்த எதற்கு முன்னாலும் பெயரெச்சம் தாராளமாக வரலாம். ஊர்ப்பெயர், ஆட்பெயர், ‘என் தகப்பனார்’ போன்றவை எல்லாம் இதில் அடங்கும். பிரிக்க ஒன்றுமே இல்லாதபோது எச்சம் வெறும் வர்ணனையாகிவிடும்.

சிக்கல் பன்மையில், அதுவும் பொதுப்பெயரில். தளபாடங்கள், குடியிருப்பாளர்கள், ஊழியர்கள், ஆவணங்கள். எண்ணிக்கை தெரியாத ஒரு கூட்டத்துக்கு முன்னால் எச்சத்தை வைத்தால் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் அறிவித்தல் பலகையில் ‘நிலுவை செலுத்தாத மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்கள் அலுவலகத்துக்கு வரவும்’ என்று இருந்தால், செலுத்தியவர் வீட்டிலேயே இருப்பார். அதன் ஆங்கிலத்தில் கமாக்கள் இருந்தால், மூன்றாம் மாடியில் ஒருவருமே செலுத்தவில்லை, எல்லாரும் வர வேண்டும் என்பதுதான் பொருள்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை சுலபமானது. ஆங்கிலத்தின் ‘ஹூ’, ‘விச்’ பகுதியை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். ‘எந்தத் தளபாடம்?’ என்ற கேள்விக்குப் பதிலானால் பெயரெச்சம் போடலாம், அதுதான் அதன் சொந்த வேலை. ‘அதைப்பற்றி இன்னும் என்ன?’ என்ற கேள்விக்குப் பதிலானால் அதை வெளியே எடுத்து, ‘இவை’, ‘இவர்’ என்று தொடங்கித் தனி வாக்கியமாக எழுதுங்கள். ‘அவர் பிறகு என்ன செய்ய வேண்டும்?’ என்பதற்குப் பதிலானால் தனி வாக்கியம் மட்டும் போதாது, அதற்கு எழுவாயும் ‘வேண்டும்’ என்ற முடிவும் கொடுக்க வேண்டும்.

நிலாவின் வாக்கியத்தில் தளபாடம் இரண்டாம் வகை, உரிமையாளர் மூன்றாம் வகை. முதல் வகை ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க இரண்டிலும் பெயரெச்சம் போட்டதுதான் கேள்விக்குறிக்குக் காரணம்.

---

சாதாரணதர_மாணவி

பெயரெச்சம் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ‘குறிப்பிடப்பட்டுள்ள தளபாடங்கள்’ என்பதில் ‘த்’ வருமா வராதா? எங்கள் வகுப்பில் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது என்று சொல்லித்தந்தார்கள். ஆனால் ‘செலுத்தாக் கட்டணம்’ என்று ஒரு இடத்தில் பார்த்தேன். அது பிழையா?

---

புதுக்கடை_எழுதுகோல்

தங்கச்சி, இழையில் பேசுவது வேறு விஷயம். ஆனாலும் உங்கள் கேள்வி நல்ல இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. ‘குறிப்பிடப்பட்டுள்ள தளபாடங்கள்’ சரி, ஒற்று வேண்டாம். ‘செலுத்தாத கட்டணம்’, அங்கும் வேண்டாம். ‘செலுத்தாக் கட்டணம்’ என்பதில் கடைசித் ‘த’ உதிர்ந்துபோயிருக்கிறது. ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று படித்திருப்பீர்கள். அதற்குப் பின் மட்டும் வல்லினம் மிகும். ஆகவே இரண்டுமே சரி.

இந்த எதிர்மறை எச்சம் மொழிபெயர்ப்பில் இன்னொரு பள்ளம். ‘செலுத்திய, செலுத்துகின்ற, செலுத்தும்’ என்று உடன்பாட்டில் மூன்று காலம் இருக்கிறது. எதிர்மறையில் ‘செலுத்தாத’ ஒன்றுதான். இதுவரை செலுத்தவில்லை, வழக்கமாகச் செலுத்துவதில்லை, இனிச் செலுத்தப் போவதில்லை, எல்லாவற்றுக்கும் அதே சொல். ஆங்கிலம் இவற்றை வேறு வேறாகச் சொல்லும். ‘வாடகை செலுத்தாத குத்தகை எடுப்பவர்’ என்று எழுதினால், ஒரு மாதம் தவறவிட்டவரா, தொடர்ந்து தவறுகிறவரா என்று தெரியாது. ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வழி இருக்கிறது. எதிர்மறையை வினையின் பொருளுக்குள் தள்ளிவிட்டு எச்சத்தை உடன்பாட்டில் எழுதுங்கள். ‘உரிய திகதியில் செலுத்தத் தவறிய’ என்றால் நடந்து முடிந்தது. ‘தவறுகின்ற’ என்றால் தொடர்வது. ‘தவறும்’ என்றால் இனி நேரக்கூடியது. ‘தவறு’ என்ற வினை உடன்பாட்டில் நிற்பதால் மூன்று காலமும் திரும்பக் கிடைத்துவிடும்.

---

சாதாரணதர_மாணவி

நன்றி ஐயா. எனக்கு ஒற்று மட்டும்தான் தேவைப்பட்டது, மற்றதையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

---

கொட்டாஞ்சேனை_குமார்

இவ்வளவு தலைவலி எதுக்கு எண்டு கேக்கிறன். பழைய முறை ஒண்டு இருக்கே: ‘எந்தத் தளபாடங்கள் அட்டவணையில் உள்ளனவோ அந்தத் தளபாடங்களை, எவர் 14 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பாரோ அந்த உரிமையாளரிடம்’. ஆங்கிலத்தின்ர ‘ஹூ’வும் ‘விச்’சும் அப்பிடியே வருது. ஒண்டும் விட்டுப்போகாது.

---

பம்பலப்பிட்டி_சட்டம்

விட்டுப்போகாது, கூடிப்போகும். ‘எவரோ அவர்’ என்பது பெயரெச்சத்தைவிடக் கடுமையாகப் பிரித்தெடுக்கும். நூறு பேரில் அந்த ஒருவர் என்று விரல் நீட்டுகிற அமைப்பு அது. ‘எவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பாரோ அந்த உரிமையாளரிடம்’ என்று எழுதினால், எழுதுகோல் ஐயா சொன்ன அந்த மோசமான வாதத்தை நீங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறீர்கள்.

---

புதுக்கடை_எழுதுகோல்

ஆனால் குமாரின் அமைப்பைக் குப்பையில் போட வேண்டாம். அதற்கும் ஓரிடம் உண்டு. ‘எந்த?’ என்ற கேள்விக்குப் பதிலாக இருந்து, பெயரெச்சம் போட்டால் வேற்றுமை உருபு தொலைந்துபோகிற வாக்கியங்களில் அதுதான் கைகொடுக்கும்.

---

மருதானை_நானா

உருபு தொலைவது என்றதும் என் கதையையும் போடுகிறேன். நான் செய்தி மொழிபெயர்க்கிற ஆள், சட்டம் எனக்குத் தெரியாது. ஆங்கிலச் செய்தியில், சந்தேகநபர் ஒரு நண்பருடன் தங்கியிருந்தார், அந்த நண்பரிடம் வாக்குமூலம் பெறப்பட்டது என்று வந்தது. ‘வித் ஹூம்’ போட்டு எழுதியிருந்தார்கள். ‘சந்தேகநபர் தங்கியிருந்த நண்பர்’ என்று எழுதினால் நண்பர் என்ன லொட்ஜா என்று கேட்பார்கள். ‘சந்தேகநபருடன் தங்கியிருந்த நண்பர்’ என்று மாற்றினால் ஆசிரியபீடத்தில் விட்டுவிடுவார்கள். அது சரிதானா?

---

புதுக்கடை_எழுதுகோல்

நானா, பார்வைக்குச் சரி, செய்தி மாறிவிட்டது. ஆங்கிலத்தில் தங்கியவர் சந்தேகநபர், இடம் நண்பருடையது. ‘சந்தேகநபருடன் தங்கியிருந்த நண்பர்’ என்றால் தங்கியவர் நண்பர். வீடு சந்தேகநபருடையது என்றோ, இருவரும் வேறெங்கோ ஒன்றாகத் தங்கினார்கள் என்றோ ஆகிவிடும். பொலிஸ் விசாரணைச் செய்தியில் இது சின்ன வித்தியாசமல்ல.

பெயரெச்சம் உருபை விழுங்கிவிட்டுத்தான் பெயரோடு சேரும். ‘நான் தங்கிய வீடு’ என்பதில் ‘இல்’ மறைந்திருக்கிறது, ‘நான் வெட்டிய கத்தி’யில் ‘ஆல்’ மறைந்திருக்கிறது. வீடு என்றால் தங்கும் இடம், கத்தி என்றால் வெட்டும் கருவி என்று வாசகருக்கே தெரிவதால் சிக்கல் இல்லை. ‘உடன்’, ‘இலிருந்து’ போன்றவை மறைந்தால் மீட்கக் கடினம். ‘நான் வந்த ஊர்’ என்றால் வந்து சேர்ந்த ஊர் என்றுதான் எடுப்பார்கள். எங்கிருந்து வந்தேனோ அந்த ஊராக ஆகாது.

இந்த இடத்தில் வினையையே மாற்றிப் பாருங்கள். ‘புறப்பட்ட ஊர்’ என்றால் ‘இலிருந்து’ வினைக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் செய்திக்கு ‘சந்தேகநபரைத் தம்முடன் தங்கவைத்திருந்த நண்பர்’ என்று எழுதலாம். ஆனால் ‘தங்கவைத்தல்’ நண்பரின் செயலாகிவிடுகிறது. உடந்தை என்ற சாயல் வரும். அந்தச் சாயல் கூடாதென்றால் குமாரின் வழிதான்: ‘சந்தேகநபர் எந்த நண்பருடன் தங்கியிருந்தாரோ, அந்த நண்பரிடம் வாக்குமூலம் பெறப்பட்டது.’ அல்லது இரண்டு வாக்கியம்: ‘சந்தேகநபர் நண்பர் ஒருவருடன் தங்கியிருந்தார். அந்த நண்பரிடம் வாக்குமூலம் பெறப்பட்டது.’ செய்திக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

---

மருதானை_நானா

தலைப்பில் இரண்டு வாக்கியத்துக்கு இடமில்லையே. ‘கடன் கொடுத்த நிறுவனம் மீது வழக்கு’ என்று ஒரு தலைப்பு பார்த்தேன். நிறுவனம் கடன் கொடுத்ததா, நிறுவனத்துக்கு யாரோ கடன் கொடுத்தார்களா? உள்ளே வாசித்தால் இரண்டாவது.

---

புதுக்கடை_எழுதுகோல்

‘கடன் பெற்ற நிறுவனம்’ என்றால் முடிந்தது, அதுவும் அதே நீளம். பெயரெச்சத்துக்கு முன் எழுவாய் சொல்லப்படாதபோது, பின்னால் வரும் பெயரைத்தான் வாசகர் எழுவாயாக எடுப்பார். ஆகவே அந்தப் பெயரே எழுவாயாக இருக்கும் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

---

நிலா_வெள்ளவத்தை

என் 7ஆம் பிரிவுக்குத் திரும்பலாமா? பிரித்து எழுதிப் பார்த்தேன்:

“குத்தகைக் காலம் முடிவடையும்போது குத்தகை எடுப்பவர் தளபாடங்களை உரிமையாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இத்தளபாடங்கள் 2ஆம் அட்டவணையில் தரப்பட்டுள்ளன. உரிமையாளர் 14 நாட்களுக்குள் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.”

ஒரு வாக்கியம் மூன்றாகிவிட்டது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பில் அப்படிச் செய்யலாமா?

---

கொட்டாஞ்சேனை_குமார்

இப்ப நல்லா இருக்கு. ஆனா ‘தளபாடங்கள் அனைத்தையும்’ எண்டு போடுங்கோ, ‘தளபாடங்களை ஒப்படைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள்’ எண்டும் போடுங்கோ. சண்டைக்கு இடமிருக்காது.

---

புதுக்கடை_எழுதுகோல்

இரண்டையும் போடக்கூடாது. மூலத்தில் ‘அனைத்து’ இல்லை. பெயரெச்சத்தை வெளியே எடுத்ததுமே ‘தளபாடங்கள்’ என்ற சொல் பிளவில்லாமல் முழுதாக நிற்கிறது, அதற்கு முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. எந்த நாளிலிருந்து 14 நாள் என்பதும் மூலத்தில் இல்லை. காலம் முடிந்த நாளா, ஒப்படைத்த நாளா, அட்டவணையைச் சரிபார்த்து முடித்த நாளா? அதைத் தீர்மானிப்பது ஒப்பந்தம் வரைந்தவரின் வேலை. கேட்டு எழுதுங்கள், நீங்களாக நிரப்ப வேண்டாம்.

ஒரு வாக்கியம் மூன்றாகப் பிரிவதில் குற்றமில்லை. ‘7’ என்ற எண்ணுக்குள்ளேயே மூன்றும் இருக்கட்டும். 7.1, 7.2 என்று புதிதாக எண் போட்டுவிடாதீர்கள். ‘7ஆம் பிரிவின்படி’ என்று பின்னால் எங்காவது வரும், அது குழம்பும்.

இன்னொன்று. உங்கள் முதல் வரைவில் ‘குத்தகைக் காலம் முடிவடையும்போது’ என்பது தொடக்கத்தில் நின்று, ‘ஒப்படைத்தல்’ என்ற வினைக்கு எட்டுவதற்குள் இரண்டு எச்சங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. தமிழில் காலம், இடம் சொல்லும் தொடர்கள் முதலில் சந்திக்கும் வினையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ‘காலம் முடிவடையும்போது அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள’ என்று ஒருவர் சேர்த்து வாசிக்கலாம். இப்போது நடுவில் எச்சம் இல்லாததால் அந்த ஆபத்தும் போய்விட்டது.

---

பம்பலப்பிட்டி_சட்டம்

14 நாள் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் ‘ஹூ’ ஒப்படைத்தலுக்குப் பின்னால் வருவதால், ஒப்படைத்த பிறகு என்ற வரிசை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் தனி வாக்கியமாகப் பிரிக்கும்போது அந்த வரிசை அறுந்துவிடுகிறது. நிலாவின் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் வாசித்தால், ஒப்படைக்காவிட்டாலும் பணம் கொடுக்க வேண்டும் என்று வருகிறது. குறைந்தது ‘அதன்பின்’ என்ற சொல்லாவது வேண்டும். அது சேர்ப்பதல்ல, மூலத்தில் இருப்பதைக் காப்பாற்றுவது.

---

புதுக்கடை_எழுதுகோல்

‘அதன்பின் 14 நாட்களுக்குள்’ என்றால் ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணு என்றுதான் எல்லாரும் எடுப்பார்கள். குமார் சொன்னதையே சுருக்கிச் சொன்ன மாதிரி ஆகிறது. ஆனாலும் வரிசை அறுகிறது என்பதை மறுக்க முடியாது. ‘ஒப்படைக்கப்பட்டதும்’ என்று வைத்தாலும் அதே நிலைதான். இந்த இடத்தில் தமிழ் ஏதாவதொரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். வரைந்தவரிடம் கேட்பது தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

---

பம்பலப்பிட்டி_சட்டம்

கேட்கட்டும். பதில் வரும்வரை நான் ‘அதன்பின்’ பக்கம்.

---

கொட்டாஞ்சேனை_குமார்

சிங்களப் பிரதி இருக்குமே, அதைப் பார்த்து எழுதினா என்ன? சிங்களத்திலயும் எங்கட மாதிரித்தான், வினை பெயருக்கு முன்னால வரும். அவங்கள் எப்பிடிச் செய்திருக்கினமோ அப்பிடியே செய்யலாம்.

---

புதுக்கடை_எழுதுகோல்

அமைப்பு ஒன்று என்பது உண்மை. சிங்களத்திலிருந்து தமிழுக்கு நேரே போகும்போது இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாததற்கும் அதுவே காரணம். ஆனால் இங்கே மூலம் ஆங்கிலம். ஆங்கிலக் கமா சிங்களத்திலும் அதே இடத்தில்தான் தொலைந்திருக்கும். இரண்டு மொழிபெயர்ப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது என்று மகிழ்ந்தால், இரண்டும் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கும். ஒப்பிடுவதென்றால் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

பாராளுமன்றச் சட்டங்களில் சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று கடைசியில் ஒரு பிரிவு வைப்பது வழக்கம். தனியார் ஒப்பந்தத்தில் அப்படித் தானாக எதுவும் வராது. எந்த உரை மேலோங்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்று நிலா பார்க்க வேண்டும். எழுதாவிட்டால் தமிழ்ப் பிரதியில் கையெழுத்திட்டவர் தமிழைத்தான் காட்டுவார்.

---

நிலா_வெள்ளவத்தை

கடைசிப் பக்கத்தில் ஆங்கில உரை மேலோங்கும் என்று இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: அதே ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில், திருத்த வேலைகள் என்பதற்குப் பின் கமா இல்லாமலே ‘விச்’ வருகிறது, உரிமையாளர் எழுத்தில் அனுமதித்தவை என்று. கமா இல்லாவிட்டால் ‘தட்’ அல்லவா வர வேண்டும்? ‘விச்’ என்றால் கூடுதல் தகவல் என்று ஒரு இணையப் பக்கத்தில் படித்தேன்.

---

புதுக்கடை_எழுதுகோல்

அது அமெரிக்க எழுத்து முறையில் வற்புறுத்தப்படும் விதி. நம் நாட்டு ஆங்கிலம் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுவது. அங்கே கமா இல்லாத ‘விச்’ பிரித்தெடுக்கத் தாராளமாக வரும். சொல்லைப் பார்க்க வேண்டாம், கமாவைப் பாருங்கள். 11ஆம் பிரிவுக்கு ‘எந்தத் திருத்த வேலைகள்?’ என்று கேளுங்கள், ‘உரிமையாளர் எழுத்தில் அனுமதித்தவை’ என்று பதில் வருகிறது. ஆகவே ‘உரிமையாளர் எழுத்தில் அனுமதித்த திருத்த வேலைகள்’, அழகான பெயரெச்சம், கை வைக்க வேண்டாம்.

கமாவையும் கண்ணை மூடி நம்ப முடியாது. அவசரத்தில் வரைந்த ஒப்பந்தங்களில் ஒரு கமா போட்டு மற்றதை மறந்திருப்பார்கள். அப்போது சுற்றியுள்ள பிரிவுகளைப் பார்க்க வேண்டும். தளபாடப் பிரிவில் வேறெங்காவது ‘அட்டவணையில் இல்லாத தளபாடங்கள்’ என்று பேச்சு வந்தால், 7ஆம் பிரிவின் கமாவே பிழையாக இருக்கலாம்.

---

நிலா_வெள்ளவத்தை

இப்போது தேடிப் பார்த்தேன். 9ஆம் பிரிவில் ‘அட்டவணையில் சேர்க்கப்படாத பொருட்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. சேதமானால் யார் பொறுப்பு என்று.

---

பம்பலப்பிட்டி_சட்டம்

அப்படியானால் அட்டவணைக்கு வெளியிலும் பொருட்கள் உண்டு என்று வரைந்தவருக்கே தெரியும். 7இல் கமா வேண்டுமென்றே போட்டதா, கை தவறியதா என்பது இப்போதுதான் உண்மையான கேள்வி.

---

புதுக்கடை_எழுதுகோல்

‘பொருட்கள்’ என்றால் தளபாடமா, சட்டிபானையா? ஆங்கிலத்தில் 7இலும் 9இலும் ஒரே சொல்லா வருகிறது?

---

நிலா_வெள்ளவத்தை

வேறு வேறு சொல். 9இல் ‘ஐட்டம்ஸ்’ என்றுதான் இருக்கிறது.

---

புதுக்கடை_எழுதுகோல்

அப்படியென்றால் கமாவை அப்படியே மதித்து, பிரித்தெழுதிய வரைவை அனுப்புங்கள். கூடவே ஒரு குறிப்பில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: 7ஆம் பிரிவு தளபாடங்கள் எல்லாவற்றையும் குறிக்கிறதா, அட்டவணையில் உள்ளவற்றை மட்டுமா? 14 நாள் எந்த நாளிலிருந்து? ஆங்கிலத்திலேயே பதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தொலைபேசியில் வாங்க வேண்டாம்.

---

மருதானை_நானா

பதில் வந்தால் இங்கேயும் போடுங்கள் தங்கச்சி. ‘அதன்பின்’ வென்றதா என்று பார்க்க வேண்டும்.